நாற்பது விநாடி எங்கே போகிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் எச்.எம்.டி. ஜனதா பழுது பார்ப்பவரின் மேசைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் சாவி கொடுக்கும் பழைய வகை. திங்கட்கிழமை காலை போனைப் பார்த்துச் சரியாக வைத்தால் அடுத்த திங்கட்கிழமைக்குள் நாலரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிவிடுகிறது. நாளுக்கு நாற்பது விநாடி. “உள்ளே ஒரு சின்ன முள் இருக்குமாமே, அதைக் கொஞ்சம் தள்ளி விடுங்க தம்பி, சரியாயிடும்” என்கிறார் ஆசிரியர். அவர் சொல்வது பொய்யில்லை. அப்படி ஒரு முள் உண்டு. தள்ளினால் கடிகாரம் வேகமாகவும் ஓடும். ஆனால் அதை முதலில் தொடுவதா, கடைசியில் தொடுவதா என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் அந்த நாற்பது விநாடி எவ்வளவு பெரிய பிழை என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். அதில் நாற்பது என்பது நூற்றுக்கு அரைக்கால் பங்குகூட இல்லை, 0.05 சதவீதத்துக்கும் கீழே. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து, சேரவேண்டிய இடத்துக்கு ஒன்றரை அடி முன்னால் நின்றுவிட்டால் அது எவ்வளவு பிழையோ, அவ்வளவுதான். ஆனால் கடிகாரத்தின் பிழை ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்றைய நாற்பதோடு நாளைய நாற்பதும் சேருகிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய தவறும் ஒரே வாரத்தில் கண்ணில் படுகிறது.

ஜனதாவின் இயந்திரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. விநாடிக்கு ஐந்து ‘டிக்’. ஒரு நாளில் 4,32,000. நாற்பது விநாடி பின்தங்குகிறது என்றால் அந்த நாலேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளில் இருநூறு குறைந்திருக்கின்றன என்று பொருள். கடிகாரத்துக்கு நேரம் தெரியாது. அது துடிப்பை எண்ணுகிறது, அவ்வளவுதான். விநாடி முள், நிமிட முள், மணி முள் எல்லாம் அந்த எண்ணிக்கையைக் காட்டும் பலகை. ஆகவே கேள்வி ஒன்றே: ஒவ்வொரு துடிப்பும் ஏன் ஒரே அளவு நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை?

பின்மூடியைத் திறந்தால் விடை கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும். வளையல் போன்ற ஒரு சிறு சக்கரம், ஒரு பக்கம் சுழன்று, நின்று, மறுபக்கம் திரும்பிச் சுழல்கிறது. அதுதான் பேலன்ஸ் வீல். அதன் நடுவில், கொசுவத்திச் சுருள்போல் சுற்றப்பட்ட மெல்லிய கம்பி இருக்கிறது. பெயர் ஹேர் ஸ்பிரிங். பெயருக்கேற்ப முடியைப் போன்றதுதான். சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் அதை நடுநிலைக்கு இழுத்து வருவது இந்தச் சுருளின் வேலை. இப்படி ஒரு சுருளைச் சக்கரத்தோடு சேர்த்து 1675-ல் பாரிஸில் அறிவித்தவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அந்த யோசனை தனக்கு முன்பே வந்தது என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் கடைசிவரை வாதாடினார். யாருடையது என்ற சண்டை ஒருபுறம் இருக்க, அதற்கு முன் கைக்கு அடக்கமான கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி, அரை மணி என்று தவறிக்கொண்டிருந்தன. சுருள் வந்த பிறகுதான் அது சில நிமிடங்களுக்கு இறங்கியது.

சுருளின் பெருமை ஒரே குணத்தில் இருக்கிறது. ஊஞ்சலை மெதுவாக ஆட்டினாலும் சற்று வேகமாக ஆட்டினாலும் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். நல்ல சுருளும் அப்படித்தான். சக்கரம் அகலமாகச் சுழன்றால் சுருள் அதிக பலத்தோடு இழுக்கிறது. குறுகலாகச் சுழன்றால் குறைந்த பலத்தோடு இழுக்கிறது. கணக்கு நேராகி, இரண்டுக்கும் ஒரே நேரம் ஆகிறது. இது முழுக்க உண்மையாக இருந்தால் எந்தக் கடிகாரமும் தவறாது. ஆனால் ‘ஏறக்குறைய’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஆசிரியரின் நாற்பது விநாடி ஒளிந்திருக்கிறது.

சக்கரத்தின் ஆட்டம் எவ்வளவு அகலம் என்பதைப் பாகையில் சொல்வார்கள். இதை வீச்சு என்போம். நல்ல உடல்நிலையில் உள்ள கடிகாரம், முழுதாகச் சாவி கொடுத்து, முகம் மேலே பார்க்கக் கிடக்கும்போது, நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 முதல் 310 பாகை வரை சுழலும். ஏறக்குறைய முக்கால் சுற்று இந்தப் பக்கம், முக்கால் சுற்று அந்தப் பக்கம். இந்த வீச்சு எதனால் குறைகிறது, குறைந்தால் என்ன ஆகிறது என்பது தெரிந்தால் கடிகாரத்தின் மற்றச் சேட்டைகள் பாதி புரிந்துவிடும்.

பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். கூர்முனை மட்டும் தரையைத் தொட, மற்றபடி காற்றில் நிற்கிறது. அதனால் நெடுநேரம் சுற்றுகிறது. கடிகாரத்தை மேசையில் படுக்கவைத்தால் பேலன்ஸ் வீலின் அச்சும் இப்படித்தான், அதன் மெல்லிய நுனி ஒரு மாணிக்கக் கல்லின்மேல் நின்று சுழல்கிறது. உராய்வு மிகக் குறைவு. அதே கடிகாரத்தைச் சுவரில் மாட்டியதுபோல் நிமிர்த்திவிட்டால் அச்சு கிடைமட்டமாகிவிடுகிறது. இப்போது அது பம்பரம் அல்ல, மாட்டுவண்டி அச்சு. இரண்டு முனைகளும் பக்கவாட்டில் கல்லின்மேல் உரசிக்கொண்டு சுழல்கின்றன. உராய்வு கூடுகிறது, வீச்சு முப்பது நாற்பது பாகை இறங்குகிறது. வீச்சு இறங்கும்போது பெரும்பாலான சாதாரணக் கடிகாரங்கள் சற்று மெதுவாக ஓடும்.

கையில் கட்டியிருக்கும்போது இது நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கிறது. மேசைமேல் கையை வைத்து எழுதினால் முகம் மேலே. கையைத் தொங்கவிட்டு நடந்தால், இடது கையில் கட்டியவருக்குச் சாவி கொடுக்கும் குமிழ் தரையைப் பார்க்கும். இரவு கழற்றி வைக்கும் விதம் வேறு. ஆகவே ‘என் கடிகாரம் நாளுக்கு இத்தனை விநாடி தவறுகிறது’ என்று சொல்வதே ஒரு சராசரிதான். கடிகாரத்துக்கு ஒரே ஒரு வேகம் கிடையாது. கிடக்கும் நிலைக்கு ஒன்றாகப் பல வேகங்கள் உண்டு.

நிமிர்ந்த நிலைகளுக்குள்ளும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. காரணம் எடை. பேலன்ஸ் வீலின் விளிம்பில் ஏதோ ஓரிடத்தில் இம்மியளவு எடை கூடியிருந்தால், கடிகாரம் படுத்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. நிமிர்ந்தவுடன் புவியீர்ப்பு அந்தக் கனமான புள்ளியைக் கீழே இழுக்கத் தொடங்கும். புள்ளி அடியில் இருக்கும் நிலையில், இந்த இழுப்பு சுருளுக்குத் துணையாகச் சேர்ந்து சக்கரத்தை விரைவாக நடுநிலைக்குக் கொண்டுவரும், கடிகாரம் முந்தும். தலைகீழாகத் திருப்பினால் அதே இழுப்பு சுருளுக்கு எதிராக வேலை செய்யும், கடிகாரம் பின்தங்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. வீச்சு 220 பாகைக்கு மேல் போனால் இந்த விளைவு அப்படியே தலைகீழாகிவிடும். 220 பாகையை ஒட்டிய வீச்சில் கனத்தால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால் சக்கரத்தின் எடைச் சமநிலையைச் சோதிக்க விரும்பும் அனுபவசாலிகள் சாவியை மிகக் குறைவாகக் கொடுத்து, வீச்சு நன்றாக இறங்கிய நிலையில் கடிகாரத்தை நிமிர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். முழுச் சாவியில் மறைந்துகிடக்கும் குறை அப்போது வெளியே வரும்.

சாவி கொடுத்து நேரமாக ஆக மெயின் ஸ்பிரிங்கின் பலம் தளரும். வீச்சும் அதோடு இறங்கும். காலையில் முந்தியவன் மறுநாள் விடியற்காலையில் பின்தங்கலாம். தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

வெப்பத்தைப் பற்றி இன்று அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வெறும் எஃகுச் சுருள் இருந்த காலத்தில் ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினாலே நாளுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்த சார்ல் எதுவார் கியோம் நிக்கல் கலந்த எஃகு வகைகளை ஆராய்ந்து, வெப்பத்துக்கு அசையாத இன்வார், எலின்வார் என்ற உலோகக் கலவைகளைக் கண்டார். 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வழியில் வந்த கலவைகள்தான் இன்றைய ஹேர் ஸ்பிரிங்குகளில் இருக்கின்றன.

நிலைக்கு நிலை மாறும் இந்தக் குணம் ஒருகாலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரருகே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு ரயில் ஊழியரின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரைக் கொண்டு ரயில்வே கடிகாரங்களுக்குச் சோதனை முறை ஒன்று வந்தது. காலப்போக்கில் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறக்கூடாது, ஐந்து நிலைகளில் சோதித்துச் சீராக்கியிருக்க வேண்டும் என்று விதிகள் இறுகின. பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்களின் உள்ளே ‘ஐந்து நிலைகளுக்குச் சீராக்கப்பட்டது’ என்று பொறித்திருப்பது அந்தக் காலத்தின் அடையாளம். இன்று சுவிட்சர்லாந்தின் கோஸ்க் அமைப்பு ஒரு கடிகாரத்துக்குக் ‘குரோனோமீட்டர்’ சான்று தருமுன் அதன் இயந்திரத்தைப் பதினைந்து நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறது. நாளின் சராசரி நான்கு விநாடி பின்தங்கலுக்கும் ஆறு விநாடி முந்தலுக்கும் இடையே இருக்க வேண்டும். இது உச்சத் தரம். பரவலாகப் பயன்படும் செய்கோவின் 4ஆர்36 இயந்திரத்துக்கு நிறுவனமே கொடுக்கும் வரம்பு 45 விநாடி முந்தலிலிருந்து 35 விநாடி பின்தங்கல் வரை. அதனோடு ஒப்பிட்டால் ஆசிரியரின் ஜனதா ஒன்றும் பெரிய குற்றவாளி அல்ல.

இனி மேசைக்குத் திரும்புவோம்.

பழுது பார்ப்பவர் முள்ளைத் தொடவில்லை. முழுச் சாவி கொடுத்து, கடிகாரத்தை ஒரு சிறு கருவியின் பிடியில் பொருத்துகிறார். அந்தப் பிடிக்குள் ஒலிவாங்கி இருக்கிறது. கடிகாரத்தின் ‘டிக்’ நம் காதுக்கு ஒரே ஒலி. உண்மையில் அதற்குள் நெருக்கமான மூன்று சத்தங்கள் இருக்கின்றன. சக்கரம் முட்கரண்டி போன்ற நெம்புகோலைத் தட்டுவது, பல்சக்கரம் அதன் வழியாகத் தள்ளுவது, மீண்டும் பூட்டிக்கொள்வது. கருவி இவற்றைக் கேட்டு, துடிப்புகளின் இடைவெளியிலிருந்து நாளுக்கு எத்தனை விநாடி முந்தும் என்று கணக்கிடுகிறது. முதல் சத்தத்துக்கும் கடைசிச் சத்தத்துக்கும் இடையே சக்கரம் எவ்வளவு வேகமாகப் போனது என்பதிலிருந்து வீச்சையும் சொல்லிவிடுகிறது. திரையில் புள்ளிகள் வரிசையாக ஓடும். கோடு மேல்நோக்கிச் சாய்ந்தால் முந்துகிறது, கீழே சாய்ந்தால் பின்தங்குகிறது. இரண்டு கோடுகள் விலகி இணையாக ஓடினால் ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி சமமில்லை, நொண்டி நடை என்று அர்த்தம்.

ஜனதாவின் கோடு கோடாகவே இல்லை. புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. முகம் மேலே இருக்கும் நிலையில் 12 விநாடி பின்தங்கல், வீச்சு 195 பாகை. குமிழைக் கீழே பார்க்க நிமிர்த்தினால் 75 விநாடி பின்தங்கல், வீச்சு 160. இரண்டு நிலைகளுக்கும் இடையே அறுபது விநாடிக்கு மேல் வித்தியாசம்.

முள்ளைத் தள்ளுவதில் என்ன தவறு என்பது இங்கேதான் தெளிகிறது. முள்ளைத் தள்ளினால் எல்லா நிலைகளும் ஒன்றாக, ஒரே அளவு நகரும். நாற்பது விநாடி முன்னே தள்ளினால் முகம் மேலே 28 முந்தும். குமிழ் கீழே 35 பின்தங்கும். சராசரி சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஆசிரியர் ஒருநாள் அதிகம் நடந்தால் ஒரு கணக்கு, படுத்துக் கிடந்தால் வேறு கணக்கு. நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும். வீச்சும் 160-லேயே நிற்கும். “தள்ளினா இப்போதைக்கு ஓடும் ஐயா. ஆனா இது வேகத்துல வந்த குறை இல்ல, பலத்துல வந்த குறை” என்கிறார் அவர்.

பலம் எங்கே தொலைந்தது என்று தேடும்போது முதலில் ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் அருகே கொண்டுபோகிறார். காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. போன் உறையில், கைப்பையின் மூடியில், ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. பழைய எஃகுக் கலவைச் சுருளின் வளையங்கள் காந்தம் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கும். நேற்றுவரை நன்றாக ஓடிய கடிகாரம் திடீரென்று இப்படிப் பறந்தால் பெரும்பாலும் காந்தம்தான். அல்லது கீழே விழுந்து சுருள் எங்கோ சிக்கியிருக்கும். மாறுமின்சாரம் ஓடும் ஒரு சுருணையின் அருகே கடிகாரத்தைக் காட்டி, மெல்ல விலக்கினால் காந்தம் இறங்கிவிடும். சில விநாடி வேலை. ஜனதாவின் அருகே திசைகாட்டி அசையவில்லை. இது மெதுவாக வந்த நோய்.

பிரித்துப் பார்த்தால் தெரிகிறது. கல் துளைகளில் எண்ணெய் காய்ந்து பழுப்புநிறப் பசையாகியிருக்கிறது. நெம்புகோலின் கல்முனைகளில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய இரண்டு மூன்று எழுத்துகளும் எண்களும் தெரிகின்றன. பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறிவைப்பது பழைய வழக்கம். கடைசிக் கீறல் பத்து வருடத்துக்கும் முந்தையது. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, பல்சக்கரங்களையும் கற்களையும் துடைத்து, உரிய இடங்களில் மட்டும் உரிய எண்ணெயை ஊசிமுனையளவு வைத்துத் திரும்பச் சேர்க்கிறார். பிரிக்காமலே பெட்ரோலில் அமிழ்த்தி எடுப்பதும் உண்டு. ஒருவாரம் துள்ளி ஓடும். அழுக்கு இளகி இன்னொரு துளைக்குள் போய்ச் சேர்ந்ததும் பழையபடி ஆகிவிடும்.

கருவியில் மீண்டும் வைக்கிறார். இப்போது கோடு நேராக, மெல்லியதாக ஓடுகிறது. முகம் மேலே வீச்சு 285 பாகை. குமிழ் கீழே 250. நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் இருபது விநாடியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒரு திருப்பம். பின்தங்கிய கடிகாரம் இப்போது முந்துகிறது. முகம் மேலே 34 விநாடி, குமிழ் கீழே 14 விநாடி.

எண்ணெய் காய்ந்து கடிகாரம் மெதுவாகியபோதெல்லாம் யாரோ முள்ளை முன்பக்கம் தள்ளித் தள்ளி ஓட்டியிருக்கிறார்கள். நோய் நீங்கியதும் அந்தத் தள்ளல்கள் எல்லாம் வெளியே வந்து நிற்கின்றன. உண்மையான ரெகுலேட்டர் வேலை இனிமேல்தான்.

பேலன்ஸ் வீலைத் தாங்கும் பாலத்தின்மேல் சிறு வால்போல் நீண்டிருப்பதுதான் அந்த முள். அதன் அடிப்புறத்தில் இரண்டு நுண்ணிய ஊசிகள் கீழ்நோக்கி இருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் வெளிவளையம் அந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே புகுந்து போகிறது. ஊசிகளுக்கு அப்பால் உள்ள பகுதி கிட்டத்தட்டக் கட்டப்பட்டதுபோல். ஊசிகளிலிருந்து மையம் வரை உள்ள பகுதிதான் சுருங்கி விரிந்து வேலை செய்கிறது. முள்ளைத் திருப்பினால் ஊசிகள் சுருளின்மேல் வழுக்கி நகரும். வேலை செய்யும் நீளம் குறைந்தால் சுருள் விறைப்பாகி, சக்கரம் விரைவாகத் திரும்பும். நீளம் கூடினால் தளர்ந்து, மெதுவாகும். வீணைத் தந்தியை மெட்டில் அழுத்தி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறதே, அதற்கு உறவான செயல்தான் இது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கு முள்ளின் அருகே கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். பழைய சுவிஸ் கடிகாரங்களில் பிரெஞ்சு வழக்கப்படி ஏ, ஆர். ஆங்கிலேயக் கடிகாரங்களில் எஃப், எஸ்.

எவ்வளவு திருப்ப வேண்டும்? குமிழ் கீழே, முகம் மேலே இரண்டுக்கும் நடுவில் உண்மை நேரம் விழவேண்டுமென்றால் 24 விநாடி குறைக்க வேண்டும். ஒரு நாளில் அது ஏறக்குறைய 0.028 சதவீதம். சக்கரம் ஆடும் நேரம் சுருள் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் நீளத்தை அதன் இரட்டிப்பு அளவு, அதாவது 0.056 சதவீதம் கூட்ட வேண்டும். சுருளின் நீளம் பத்து சென்டிமீட்டர் என்று கொண்டால் ஊசிகள் நகரவேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். தலைமுடி ஒன்றின் தடிமன் அளவுகூட இல்லை.

இதைக் கையால் ‘தள்ள’ முடியாது. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மரக் குச்சியின் முனையால் முள்ளின் வாலைத் தொட்டு, அழுத்துவதற்கும் தட்டுவதற்கும் நடுவில் ஒரு தொடுகை. திரையில் கோடு சாய்வு மாறுகிறது. முதல் தொடுகையில் 34 விநாடி முந்தல் இரண்டு விநாடிப் பின்தங்கலாகிவிட்டது. அதிகம். திரும்ப ஒரு தொடுகை, 15 முந்தல். மீண்டும் ஒன்று. 10. சில நிமிடம் விட்டு, எல்லா நிலைகளிலும் மறுபடி பார்க்கிறார். முகம் மேலே 10 விநாடி முந்தல், குமிழ் கீழே 10 விநாடி பின்தங்கல், மற்ற நிலைகள் இடையில். சாமணம் சற்று வழுக்கி ஹேர் ஸ்பிரிங்கைத் தொட்டிருந்தால் சுருளே வளைந்து இத்தனை வேலையும் வீண். வீட்டில் பின்மூடியைத் திறந்து முயல்பவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்தச் சுருளைத்தான்.

இன்னும் இருபது விநாடி வித்தியாசம் இருக்கிறதே, அதை முள்ளால் நீக்க முடியாதா? முடியாது. அதற்குச் சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய வேண்டும், சுருள் ஊசிகளின் நடுவில் சரியாக மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும், தேய்ந்த அச்சுமுனையை மெருகிட வேண்டும். நாள் கணக்கில் ஆகும் அந்த வேலையை ஜனதா போன்ற கடிகாரத்துக்கு யாரும் கேட்பதில்லை. ஊசிகளே தொல்லை என்று அவற்றை நீக்கிவிட்ட விலை உயர்ந்த கடிகாரங்களும் உண்டு. அவற்றில் சுருள் சுதந்திரமாக ஆடும். வேகத்தைத் திருத்த, சக்கரத்தின் விளிம்பிலுள்ள சிறு திருகுகளை உள்ளேயோ வெளியேயோ திருப்புவார்கள். சுழலும் நாட்டியக்காரி கையை விரித்தால் வேகம் குறைந்து, மார்போடு சேர்த்தால் கூடுவதைப்போல.

மிச்சமிருக்கும் அந்த வித்தியாசத்தையே ஆசிரியருக்குச் சாதகமாக்க ஒரு வழி உண்டு. அவர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் மேசையில் கையை வைத்திருக்கிறார், ஏழு மணி நேரம் நடமாடுகிறார், எட்டு மணி நேரம் கடிகாரம் மேசையில் கிடக்கிறது என்று கொள்வோம். இரவில் முகம் மேலே வைத்தால், பதினேழு மணி நேரம் முந்தி, ஏழு மணி நேரம் பின்தங்கும். நாளின் முடிவில் சுமார் நான்கு விநாடி முந்தல். அதே கடிகாரத்தை இரவில் குமிழ் கீழே இருக்கும்படி, ஒரு சின்னப் பெட்டியில் சாய்த்து நிறுத்தி வைத்தால், கணக்கு மாறிச் சுமார் இரண்டரை விநாடி பின்தங்கல். சில இரவு இப்படி, சில இரவு அப்படி வைத்தாலே வாரம் முழுக்கப் பிழை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பின்மூடியைத் திறக்காமலே செய்யும் ரெகுலேட்டர் வேலை இது. ஆனால் கடிகாரம் ஆரோக்கியமாக இருந்தால்தான் இது பலிக்கும்.

இதற்குக் கருவியும் தேவையில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதும். தினமும் காலை ஒரே நேரத்தில், சாவி கொடுப்பதற்குமுன், விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது போன் காட்டும் விநாடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் நேரத்தைத் திருத்தக்கூடாது. ஒரு வாரம் முடிந்ததும் இன்றைய எண்ணுக்கும் நேற்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பார்த்தால் போதும். 4, 5, 3, 5 என்று ஒரே மாதிரி வந்தால் கடிகாரம் நலம். அந்த ஐந்தை முள்ளால் குறைத்துவிடலாம். 3, 20, 8, 31 என்று தாறுமாறாக வந்தால் முள்ளால் ஆகாது. அது கழுவப்படவேண்டிய கடிகாரம், அல்லது உள்ளே ஏதோ தேய்ந்த கடிகாரம். எவ்வளவு தவறுகிறது என்பதைவிட ஒரே அளவு தவறுகிறதா என்பதைத்தான் பழுது பார்ப்பவர் அந்தக் காகிதத்தில் முதலில் தேடுவார்.

ஆசிரியர் வந்து வாங்கிக்கொள்ளும்போது ஜனதாவின் பின்மூடி உட்புறத்தில் பழைய கீறல்களுக்குக் கீழே புதிதாக ஒரு தேதி கீறப்பட்டிருக்கிறது. எண்ணெய் தாங்குவது நான்கைந்து வருடம் என்று சொல்லி, இடையில் திடீரென்று மெதுவானால் முள்ளைத் தள்ளச் சொல்லாமல் அப்படியே கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறார் பழுது பார்த்தவர். ஆசிரியர் குமிழைத் திருகி முழுச் சாவி கொடுத்து, காதருகே வைத்து ஒருமுறை கேட்டுவிட்டு, இடது கையில் கட்டிக்கொள்கிறார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, காலை பத்து மணி, வித்தியாசம் பூஜ்யம் என்று முதல் வரியை எழுதுகிறார்.